ஜூன் 13 ஆகஸ்ட் 8 ஆன கதை: திட்டம் தள்ளிப்போகிறது என்று மேலிடத்தில் சொன்ன அனுபவம்

ஒரு நிறுவனத்தின் பழைய பில்லிங் மென்பொருளை நிறுத்திவிட்டுப் புதியதற்கு மாற்றும் திட்டத்தை நடத்திக்கொண்டிருந்தேன். ஏறக்குறைய 4.2 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்கு, பாக்கி, பழைய பில்கள் எல்லாவற்றையும் ஒரே வார இறுதியில் இடம் மாற்ற வேண்டும். ஜூன் 13, சனிக்கிழமை என்று நாள் குறித்தாகிவிட்டது. ஏப்ரல் நடுவில் முதல் முழு ஒத்திகை நடந்தது. ஞாயிறு இரவு அது முடிந்தபோது ஜூன் 13 நடக்காது என்பது தெரிந்துவிட்டது.

இந்த மாதிரி வேலையில் தாமதம் நாள் கணக்கில் வராது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதத்தின் முதல் வாரத்தில் பில்கள் ஓடும், கணக்கு முடிக்க 7-ஆம் தேதி வாக்கில் ஆகும். அதன்பின் வரும் இரண்டாவது வார இறுதிதான் மாற்றத்துக்குக் கிடைக்கும் ஒரே இடைவெளி. அதைத் தவறவிட்டால் அடுத்த மாதம்தான். வேலை ஒரு வாரம் பிந்தினாலும் காலண்டர் நான்கு வாரம் தள்ளிவிடும். "ஒரு வாரம் லேட், அதுக்கு எதுக்கு ஒரு மாசம்?" என்று யாராவது கேட்கும் முன்பே இதை விளக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாம் எதையோ மறைக்கிறோம் என்ற சந்தேகம் வந்துவிடும்.

திங்கள் மதியமே திட்டத்தின் ஸ்பான்சரை, அதாவது மேலிடத்தில் திட்டத்துக்குப் பொறுப்பான அதிகாரியை, போய்ப் பார்த்தேன். முழுக் கணக்கும் அப்போது கையில் இல்லை. இருந்தாலும் எல்லாவற்றையும் ஆராய்ந்து முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று காத்திருந்தால் அதற்குள் செய்தி வேறு வாய்வழியாகப் போய்ச் சேர்ந்துவிடும். ஒத்திகையில் இருந்தவர்கள் முப்பது பேராவது இருப்பார்கள், அவர்களுக்கும் நண்பர்கள் உண்டு. நான் சொன்னது இவ்வளவுதான்: "ஜூன் 13 நடக்காது. இரண்டு காரணங்கள் தெளிவாகத் தெரிகின்றன. புதிய தேதி, அதற்கு உங்களிடமிருந்து என்ன வேண்டும் என்பதை வியாழக்கிழமை கொண்டுவருகிறேன். அதுவரை ஜூன் தேதியை யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டாம்."

அவர் உடனே கேட்டார், "தோராயமாவாவது சொல்லுங்க, எத்தனை வாரம்?"

எந்த எண்ணையும் சொல்லாமல் இருப்பதுதான் அன்றைக்குக் கடினமான வேலை. "மூணு, நாலு வாரம் இருக்கலாம்" என்று வாய்தவறிச் சொல்லியிருந்தால் மாலைக்குள் அது "மூணு வாரம்" ஆகி, மறுநாள் ஒரு நிர்வாகக் கூட்டத்தின் குறிப்பில் ஏறியிருக்கும். வியாழக்கிழமை எட்டு வாரம் என்று நான் போய் நின்றால் அது இரண்டாவது தாமதமாகத்தான் தெரியும். "இன்னைக்கு நான் சொல்ற எந்த நம்பரும் ஊகம்தான், வியாழக்கிழமை கணக்கோட வரேன்" என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை, ஆனால் ஏற்றுக்கொண்டார். எந்த நாளில் பதில் வரும் என்று தெளிவாகச் சொன்னதால்தான் ஏற்றுக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

இனி காரணங்கள். நாங்கள் எழுதிப் பார்த்தபோது பட்டியல் நீளமாக வந்தது. அதில் மூன்று பெரியவை.

முதலாவது, தரவு ஏற்றும் நேரம். வெள்ளி இரவு 8 மணிக்குப் பழைய மென்பொருளை மூடி, திங்கள் காலை 6 மணிக்குப் புதியதைத் திறக்க வேண்டும். மொத்தம் 58 மணி நேரம். அதில் சரிபார்ப்புக்கு 10 மணி. ஏதாவது கெட்டுப்போனால் பழையதற்குத் திரும்ப 14 மணி ஒதுக்க வேண்டும். ஏற்றுவதற்கு மிஞ்சுவது 34 மணி. ஒத்திகையில் ஆனது 41 மணி. திரும்பும் நேரத்திலிருந்து ஏழு மணியை எடுத்துக்கொள்ளலாமே என்று குழுவிலேயே ஒருவர் கேட்டார். அப்படிச் செய்தால், சிக்கல் வந்தால் திங்கள் காலை இரண்டு மென்பொருளும் இல்லாத நிலைக்கு வந்துவிடுவோம்.

இரண்டாவது, இரட்டைக் கணக்குகள். பழைய மென்பொருளில் வாடிக்கையாளர் முகவரி மாறினால் சிலர் புதிய கணக்கே தொடங்கிவிட்டிருந்தார்கள். பழைய கணக்கு பாக்கியோடோ முன்பணத்தோடோ அப்படியே கிடக்கும். புதிய மென்பொருள் ஒருவருக்கு ஒரு கணக்குதான் ஏற்கும். இப்படி ஏறக்குறைய 38,000 பேர். இரண்டு கணக்கையும் சேர்த்தால் பாக்கி எந்தத் தேதியில் விழும், வட்டி எதற்குக் கணக்கிடப்படும், முன்பணம் எதில் கழியும் என்பதெல்லாம் நிதிப் பிரிவு முடிவு செய்ய வேண்டிய விதிகள். மென்பொருள் எழுதுகிறவர் தானாக முடிவு செய்யும் விஷயம் இல்லை.

மூன்றாவது, பணம் செலுத்தும் சேவையை வழங்கும் வெளி நிறுவனம் தன் சோதனை இணைப்பை மூன்று வாரம் தாமதமாகத் தந்தது. எல்லாருக்கும் கோபம் இதன்மேல்தான். அறிக்கையில் முதலில் போடச் சொல்லிப் பலர் ஆலோசனை சொன்னார்கள். வெளியாள் தவறு என்றால் வீட்டுக்குள் யாருக்கும் வலிக்காது அல்லவா.

ஆனால் திட்டத்தின் வரிசையில் வைத்துப் பார்த்தபோது அந்த மூன்று வாரம் இறுதித் தேதியை ஒரு நாள்கூட நகர்த்தவில்லை. இணைப்புச் சோதனை தரவு வேலைக்குப் பக்கத்தில் தனியாக ஓடியது. பயனர் சோதனை தொடங்கும் முன் அது முடிந்தால் போதும், அதற்கு நேரம் தாராளமாக இருந்தது. அதனால் காரணங்களை இரண்டாகப் பிரித்தேன்: தேதியை நகர்த்தியவை, எரிச்சல் மட்டும் தந்தவை. முதல் வகை மட்டுமே விரிவாக எழுதப்பட்டது. வெளி நிறுவனத்தின் தாமதம் ஒரே வரியில் கடைசியில் வந்தது: "இணைப்புச் சோதனை மூன்று வாரம் பிந்தித் தொடங்கியது, தேதியைப் பாதிக்கவில்லை." இப்படிப் பிரிக்காமல் பதினொரு காரணங்களை வரிசையாக அடுக்கினால், வாசிப்பவர் தனக்குப் பிடித்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதைச் சரி செய்துவிட்டால் தேதி திரும்பிவிடும் என்று நம்பிவிடுவார். கூட்டம் முழுக்க அதிலேயே கரைந்துவிடும்.

ஒவ்வொரு காரணத்துக்கும் மூன்று வாக்கியங்கள் எழுதினேன். என்ன நடந்தது, ஏன் இதற்கு முன் தெரியவில்லை, இப்போது முடிந்துவிட்டதா இன்னும் திறந்திருக்கிறதா. நடுவில் உள்ளதைத்தான் பெரும்பாலான அறிக்கைகள் விட்டுவிடுகின்றன, கூட்டத்தில் முதலில் கேட்கப்படுவதும் அதுதான். இரட்டைக் கணக்கு விஷயத்தில் பதில் எளிமையானது. முந்தைய சோதனைகள் எல்லாம் 5,000 வாடிக்கையாளர் மாதிரியில் நடந்தவை. அந்த மாதிரி கடந்த ஓராண்டில் சேர்ந்தவர்களிலிருந்து எடுக்கப்பட்டது, அவர்களுக்கு முகவரி மாற வாய்ப்பே குறைவு. முழுத் தரவோடு ஓடிய முதல் ஒத்திகையில்தான் இது வெளிப்பட்டிருக்க முடியும். ஒத்திகை வைப்பதே இதற்குத்தானே.

சரி, புதிய தேதிக்கு வருவோம். இங்கேதான் நிறையத் திட்டங்கள் இரண்டாம் முறை விழுகின்றன. பிரிட்டனின் டி.எஸ்.பி வங்கி 2018 ஏப்ரலில் தன் வாடிக்கையாளர் கணக்குகளைப் புதிய மென்பொருளுக்கு மாற்றியது. முதலில் 2017 நவம்பருக்குத் திட்டமிட்டுத் தள்ளிவைத்த மாற்றம் அது. மாற்றிய பிறகு ஏறக்குறைய 19 லட்சம் பேர் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் நின்றார்கள். பின்னால் 2022-இல் கண்காணிப்பு அமைப்புகள் 4.865 கோடி பவுண்டு அபராதம் விதித்தன. 2019-இல் வெளியான விசாரணை அறிக்கை சொன்ன ஒரு விஷயம் எனக்கு மறக்கவில்லை. முதல் தாமதத்துக்குப் பின் போட்ட புதிய திட்டமும் வலமிருந்து இடமாக, அதாவது முடிவுத் தேதியை முதலில் வைத்துக்கொண்டு பின்னோக்கி வேலைகளைப் பொருத்தி வரையப்பட்டது. சில பணிகள் ஏழு மாதம்வரை பின்தங்கியிருந்தன. அப்படியிருக்க நான்கு மாதத் தள்ளிவைப்பு எப்படிப் போதும் என்று இயக்குநர் குழு கேட்கவில்லை.

அதனால் நாங்கள் இடமிருந்து வலமாகவே எழுதினோம். தொடக்கம் ஏப்ரல் 27. இரட்டைக் கணக்குகளுக்கு விதி எழுதி, தரவைச் சரிசெய்ய நான்கு வாரம். ஏற்றும் வேகத்தைக் கூட்டும் வேலை வேறு ஆட்களுடையது, அது பக்கத்திலேயே ஓடும்: தேடலை வேகமாக்கினாலும் ஏற்றுவதை மெதுவாக்கும் இன்டெக்ஸ்களை ஏற்றும்போது அணைத்து வைப்பது, இரண்டு ஆண்டுக்கு முந்தைய பில்களை ஒரு வாரம் முன்பே ஏற்றிவிடுவது. பிறகு இரண்டாவது ஒத்திகைக்கு ஒரு வாரம். பயனர் சோதனைக்கு மூன்று வாரம். கடைசி ஒத்திகைக்கு ஒரு வாரம். மொத்தம் ஒன்பது வாரம், ஜூன் 28 வரை வருகிறது. அதற்குப் பின் கிடைக்கும் முதல் இடைவெளி ஜூலை 11.

அப்படியானால் ஜூலை 11 என்று சொல்லிவிடலாமே? தாளில் பொருந்துகிறது. ஆனால் பயனர் சோதனையைச் செய்யப்போகும் நிதிப் பிரிவு ஆறு பேரும் ஜூன் 25 முதல் ஜூலை 10 வரை அரையாண்டுக் கணக்கில் மூழ்கிவிடுவார்கள். திட்டப்படி சோதனை ஜூன் 21-இல் முடிகிறது. முன்னால் எங்காவது ஒரு வாரம் சறுக்கினால் சோதனையின் வால் அதில் மாட்டிக்கொள்ளும். மிச்சச் சோதனை ஜூலை 13-க்குத் தள்ளும், ஜூலை 11 போய்விடும். ஒத்திகை ஒன்றில் இவ்வளவு கிளம்பிய பிறகு, ஒத்திகை இரண்டில் எதுவுமே கிளம்பாது என்ற நம்பிக்கையில் தேதி தர எனக்கு மனம் வரவில்லை. ஆகஸ்ட் 8 என்றால், சோதனை ஜூன் 15-க்குள் தொடங்கினாலே போதும். எட்டு வேலை நாள் அப்போதும், மீதி ஏழு நாள் ஜூலை 13-க்குப் பிறகும் நடத்தி, கடைசி ஒத்திகைக்கும் நேரம் இருக்கும். ஆகஸ்ட்டில் இருப்பதும் இரண்டு வார மூச்சுவிடும் இடம்தான், அதற்குமேல் இல்லை. இதையும் அறிக்கையில் அப்படியே எழுதினேன்.

அறிக்கை ஒன்றரைப் பக்கம். மின்னஞ்சலின் தலைப்பு: "பில்லிங் மாற்றம்: ஜூன் 13 இல்லை, ஆகஸ்ட் 8, ஏப்ரல் 30-க்குள் முடிவுகள் தேவை." தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு மூடுகிறவருக்கும் விஷயம் போய்ச் சேர வேண்டும். முதல் பத்தி இப்படி இருந்தது:

"ஜூன் 13 மாற்றம் நடக்காது. நாங்கள் பரிந்துரைக்கும் புதிய தேதி ஆகஸ்ட் 8, எட்டு வாரத் தாமதம். முழுத் தரவோடு நடந்த ஒத்திகையில் ஏற்றும் நேரம் அனுமதித்ததைவிட 7 மணி கூடியது. 38,000 வாடிக்கையாளர்களின் இரட்டைக் கணக்குகளைச் சேர்க்க விதி இல்லை. கீழே உள்ள நான்கு முடிவுகள் குறித்த நாளுக்குள் கிடைத்தால் மட்டுமே இந்தத் தேதி நிற்கும்."

"சற்றுத் தாமதமாகலாம்", "சில சவால்கள் எழுந்துள்ளன" போன்ற பஞ்சு வாக்கியங்கள் வரைவில் இருந்தன, ஒவ்வொன்றாகக் களைந்தோம். மன்னிப்பு வாசகமும் நீண்டிருந்தது. ஒரே வரியாகக் குறைத்தேன்.

அந்த நான்கு முடிவுகள்தான் அறிக்கையின் உயிர். ஒவ்வொன்றுக்கும் யார் முடிவெடுக்க வேண்டும், எந்த நாளுக்குள், எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று எழுதியிருந்தது. முதலாவது, ஸ்பான்சருக்கு: முழு மாற்றம் ஆகஸ்ட் 8-இலா, அல்லது இரட்டைக் கணக்கு உள்ள 38,000 பேரைப் பழைய மென்பொருளிலேயே விட்டுவிட்டு மற்றவர்களை மட்டும் ஜூலை 11-இல் மாற்றுவதா? இரண்டாவதில் ஒரு மாதம் மிச்சம். ஆனால் இரண்டு மென்பொருளும் குறைந்தது இரண்டு மாதம் சேர்ந்து ஓட வேண்டும், வசூலைத் தினமும் கையால் ஒப்பிட வேண்டும். எங்கள் பரிந்துரை முதலாவது என்று வெளிப்படையாக எழுதினோம். வழிகளை மட்டும் அடுக்கிவிட்டு எது நல்லது என்று சொல்லாமல் ஒதுங்கிக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை. அந்த அறையிலேயே விவரம் அதிகம் தெரிந்தவர் நாம்தான்.

இரண்டாவது, நிதிப் பிரிவுத் தலைவருக்கு: கணக்குச் சேர்ப்பு விதிகள், ஏப்ரல் 30-க்குள். பிந்தும் ஒவ்வொரு நாளும் ஒத்திகையை ஒரு நாள் தள்ளும். மூன்றாவது, அவருக்கே: ஆறு பேரையும் பயனர் சோதனைக்கு முழு நேரமாக விடுவிப்பது. நான்காவது, பழைய மென்பொருளின் பராமரிப்பு ஒப்பந்தம். அது ஜூலை 31-இல் முடிகிறது, மூன்று மாதத் தொகுப்பாகத்தான் நீட்டிக்கத் தருவார்கள், மே 15-க்குள் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் 8 என்றால் எட்டு நாளுக்காக மூன்று மாதக் கட்டணம். ஜூலை வழியிலும் அந்த 38,000 பேருக்காக அதே கட்டணம்தான். தாமத அறிக்கையில் தேதியைப் பேசுகிற அளவுக்குச் செலவைப் பேசுவதில்லை. பிறகு நிதிப் பிரிவு தானாகக் கண்டுபிடித்தால் அது தனிக் கதையாகிவிடும்.

கூட்டம் வியாழன் மாலை. அதற்கு முன் புதன்கிழமையே நிதிப் பிரிவுத் தலைவரைத் தனியாகச் சந்தித்தேன். நான்கில் இரண்டு முடிவுகள் அவருடையவை. பத்துப் பேர் முன்னால் முதல் தடவையாக அதைக் கேட்டால் எந்தப் பிரிவுத் தலைவரும் தற்காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார். தனியாகப் பேசியபோது அவர் ஒரு நல்ல விஷயம் சொன்னார்: 38,000-இல் பெரும்பகுதிக்கு பாக்கியே பூஜ்யமாகத்தான் இருக்கும், அவற்றுக்கு விதி தேவையில்லை, மூடிவிடலாம். அன்று மாலையே எண்ணிப் பார்த்தோம். மனிதக் கண் பட வேண்டியவை 2,600 ஆகச் சுருங்கின. நான்கு வாரம் மூன்றாகவில்லை, ஏனென்றால் விதிகளை எழுதிச் சோதிக்கும் நேரம் அதேதான். ஆனால் நான்கு வாரம் என்பது நம்பத்தக்கதாக ஆனது.

கூட்டத்தில் எதிர்பார்த்த கேள்விகள் வந்தன. "ஆள் கூட்டினா ஜூனுக்கே முடியாதா?" பிந்திய மென்பொருள் திட்டத்தில் ஆள் சேர்த்தால் அது மேலும் பிந்தும் என்று கணினி அறிஞர் ஃப்ரெட் புரூக்ஸ் 1975-இலேயே எழுதிவிட்டார், அதை மேற்கோள் காட்டிவிட்டு உட்கார்ந்துவிடலாம். அப்படிச் செய்தால் கேட்டவர் சாக்கு என்றுதான் எடுத்துக்கொள்வார். வேலை வேலையாகப் பிரித்துப் பதில் சொன்னேன். ஏற்றும் வேகத்தில் ஆள் கூட்டிப் பயனில்லை, அந்தத் தரவுத்தளத்தைத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். 2,600 கணக்குகளைக் கண்ணால் பார்ப்பதற்கு ஆள் கூடினால் நிச்சயம் உதவும், நான்கு பேர் தாருங்கள் என்றேன். தந்தார்கள். தேதி அதனால் முன்னால் வரவில்லை என்பதையும் அங்கேயே சொல்லிவிட்டேன்.

அடுத்து, "பயனர் சோதனையை ரெண்டு வாரமாக்கலாமே?" மூன்று வாரம் எங்கிருந்து வந்தது என்று காட்டினேன். ஒரு மாத பில் சுற்றை முழுதாக ஓட்டிப் பார்க்க ஐந்து வேலை நாள் ஆகும். முதல் சுற்றில் பிழைகள் வெளிவரும், அவற்றைத் திருத்த ஒரு வாரம், திருத்தியது சரியா என்று பார்க்க இன்னொரு சுற்று. இரண்டு வாரமாக்கினால் இரண்டாவது சுற்று போய்விடும், திருத்தங்களை யாரும் சோதிக்காமலே வாடிக்கையாளருக்கு பில் அனுப்புவோம். அதன்பின் அந்தக் கேள்வி எழவில்லை. "குறைந்தபட்சம் மூன்று வாரம் தேவை" என்று மட்டும் எழுதியிருந்தால் பேரம் பேசியிருப்பார்கள். அது நியாயமும்கூட.

கடைசியாக ஸ்பான்சர் கேட்டார்: "ஆகஸ்ட் 8 உறுதியா? மறுபடியும் இப்படி வந்து உட்கார மாட்டோமே?"

உறுதி என்று சொல்லவில்லை. எந்த நாளில் தெரியும் என்று சொன்னேன். இரண்டாவது ஒத்திகையில் ஏற்றும் நேரம் 34 மணிக்குள் வந்து, சேர்த்த கணக்குகளின் மொத்த பாக்கி பழைய மென்பொருளின் மொத்தத்தோடு பைசா சுத்தமாகப் பொருந்தினால் ஆகஸ்ட் 8 நிற்கும். பொருந்தாவிட்டால் முடிவு வந்த மறுநாளே தெரிவிப்போம், அப்போதும் மாற்றத்துக்கு இரண்டு மாதம் இருக்கும். விற்பனைப் பிரிவு ஜூலையில் புதிய பில் வடிவம் வரும் என்று சில பெரிய வாடிக்கையாளர்களிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. அவர்களுக்குப் புதிய தேதியை ஒத்திகை முடிவு வந்த பிறகே சொல்வது, அதுவரை "ஜூலையில் இல்லை" என்று மட்டும் சொல்வது என்று முடிவானது.

கூட்டம் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் எந்த முடிவு எடுக்கப்பட்டது, எது நிலுவையில் இருக்கிறது, யார் பெயரில் என்று மின்னஞ்சல் போனது. முழு மாற்றம் ஆகஸ்ட் 8 என்பதும் ஒப்பந்த நீட்டிப்பும் அங்கேயே ஒப்புதலாகிவிட்டன. அப்புறம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதே பட்டியலை, மேலே நிலுவை முடிவுகள், கீழே வேலை நிலவரம் என்ற வரிசையில் அனுப்பினேன். பச்சை, மஞ்சள், சிவப்பு நிறக் குறியீட்டை இந்தத் திட்டத்துக்கு விட்டுவிட்டோம். மஞ்சளை யாரும் படிப்பதில்லை. "நிதிப் பிரிவு விதிகள்: 4 நாள் கடந்துவிட்டது" என்ற வரியைப் படிக்கிறார்கள்.

அந்த வரியை உண்மையிலேயே எழுத வேண்டி வந்தது. விதிகள் ஏப்ரல் 30-க்கு வரவில்லை, மே 6-இல்தான் வந்தன. வட்டிக் கணக்கில் தணிக்கையாளர்களின் கருத்து தேவைப்பட்டதாம், நியாயமான காரணம்தான். எல்லாம் ஒரு வாரம் நகர்ந்தது. இரண்டாவது ஒத்திகை ஜூன் முதல் வாரத்தில் நடந்தது, ஏற்றும் நேரம் 27 மணிக்கு இறங்கியிருந்தது. பயனர் சோதனை ஜூன் 8-இல் தொடங்கி, 24-ஆம் தேதி மாலை அரையாண்டுக் கணக்குக்காக நிறுத்தப்பட்டது. பாக்கி இருந்த இரண்டு நாள் சோதனை ஜூலை 13, 14-இல் முடிந்தது. ஜூலை 11-ஐ வாக்களித்திருந்தால் இரண்டாவது தாமத அறிக்கையை ஜூன் கடைசியில் எழுதிக்கொண்டிருந்திருப்பேன்.

மாற்றம் ஆகஸ்ட் 8 வார இறுதியில் நடந்தது. அந்த 2,600 கணக்குகளில் நாற்பது சொச்சம் பாக்கி தவறி வந்தன, முதல் பில் போகும் முன்பே கையால் திருத்தினார்கள். பழைய மென்பொருளின் ஒப்பந்தம் அக்டோபர் கடைசிவரை இருந்தது. மூன்று மாதக் கட்டணம் வீண் என்று முணுமுணுத்த நிதிப் பிரிவே, பழைய பில் விவரங்களைத் தேட அதைத்தான் செப்டம்பர் முழுக்கத் திறந்து வைத்திருந்தது.